லெகிங்ஸ் வரைதல்: இடது காலுக்கு ஒரு கணக்கு, வலது காலுக்கு ஒரு கணக்கு

நெய்த துணிக்குப் பேட்டர்ன் வரையும்போது உடல் அளவோடு லூஸ் சேர்க்கிறோம். பனியன் துணி, லைக்ரா கலந்த துணி போன்ற பின்னல் துணிகளில் உடலோடு ஒட்டி நிற்கும் உடுப்பு வேண்டுமென்றால் கணக்கு தலைகீழ். உடல் அளவைவிடச் சின்னதாக வெட்டுகிறோம், துணி இழுபட்டு உடலில் பொருந்துகிறது. இந்தக் குறைப்பைத்தான் நெகட்டிவ் ஈஸ் என்கிறோம். கேட்க எளிது. எவ்வளவு குறைப்பது, எங்கே குறைப்பது என்று வரும்போதுதான் ஆளுக்கு ஒரு பதில் வருகிறது. "எல்லா அளவிலும் 15 சதவீதம் கழித்துவிடு" என்பது அதிகம் காதில் விழும் பதில். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதனால் தங்கைக்கு லெகிங்ஸ் தைக்க உட்கார்ந்தபோது, சோதனை உருப்படியின் இடது காலை அந்தச் சீரான கணக்கிலும், வலது காலை இடத்துக்கு இடம் மாறும் கணக்கிலும் வெட்டினேன். ஒரே துணி, ஒரே உடல், ஒரே நேரம். வித்தியாசத்துக்கு வேறு காரணம் சொல்ல முடியாது.

முதலில் துணி. பருத்தியோடு லைக்ரா கலந்த, நான்கு பக்கமும் இழுபடும் துணி. துவைத்துக் காயவைத்த பிறகே அளந்தேன், ஏனென்றால் பருத்திப் பின்னல் முதல் துவைப்பில் நீளவாக்கில் சுருங்கும். வெட்டிய ஓரத்தில் அளந்தால் இழுவை அதிகமாகக் காட்டும், ஓரக் கண்ணிகளைப் பிடித்துக்கொள்ள அடுத்த வரிசை இல்லை. ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே துணியைக் குறுக்காக மடித்து, மடிப்பின்மேல் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்தினேன். அடித்தளத்தில் ஸ்கேலை வைத்து, ஒரு குண்டூசியை 0-வில் பிடித்துக்கொண்டு மற்றதை இழுத்தேன். துணி சுருண்டு கயிறுபோல ஆகத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்தவேண்டும். மூச்சைப் பிடித்து இழுத்தால் கிடைக்கும் எண் உடுத்துவதற்கு உதவாது. அகலவாக்கில் 16.5 வரை வந்தது, அதாவது 65 சதவீதம். நீளவாக்கில் 14, அதாவது 40 சதவீதம்.

இழுவை பாதிக் கதைதான். அதே இழுப்பில் ஒரு நிமிடம் பிடித்து வைத்துவிட்டு விட்டேன். சற்று நேரம் கழித்து அளந்தபோது 10.1. இது நல்ல மீட்சி. ஒப்பிட்டுப் பார்க்க, லைக்ரா இல்லாத வெறும் பருத்தி பனியன் துணி ஒன்றையும் இதே மாதிரி இழுத்தேன். அகலவாக்கில் அதுவும் 45 சதவீதம் போனது, ஆனால் விட்டபின் 10.7-இல் நின்றுவிட்டது. அந்தத் துணியில் இழுவை வருவது கண்ணிகள் வடிவம் மாறுவதால்தான். பழைய இடத்துக்கு இழுத்துவரும் நூல் ஒன்றும் அதில் இல்லை. அப்படிப்பட்ட துணியில் நெகட்டிவ் ஈஸ் வைத்தால் காலையில் இறுக்கமாக இருக்கும், மாலையில் முழங்காலிலும் சீட்டிலும் பை தொங்கும். அதை ஒதுக்கி வைத்தேன். இழுவை எண்ணை மட்டும் பார்த்துத் துணி தேர்ந்தெடுப்பவர்கள் இந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்தால் பல மீட்டர் மிஞ்சும்.

இப்போது துணி 65 சதவீதம் இழுபடுகிறது என்றால் எவ்வளவு குறைக்கலாம்? முழு 65-ஐயும் பயன்படுத்தினால் நிற்கும்போதே துணி தன் எல்லையில் இருக்கும், உட்கார இடம் இருக்காது. நான் வசதியான இழுவையில் ஏறக்குறைய கால்பங்கை மட்டும் நிற்கும் நிலைக்குச் செலவழிக்கிறேன், மிச்சம் அசைவுக்கு. 65-இல் கால்பங்கு 16 வரும், 15 என்று வைத்துக்கொண்டேன். இது என் வழக்கம், சட்டம் இல்லை. நீச்சலுடைக்கு இன்னும் கூட்டுவார்கள், வீட்டில் உடுத்தும் தளர்வான லெகிங்ஸுக்குக் குறைப்பார்கள்.

இங்கே ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது, பலரும் தெரியாமலே தாண்டிப் போவது. உடலில் துணி 15 சதவீதம் இழுபட்டு நிற்கவேண்டும் என்பதும், உடல் அளவில் 15 சதவீதம் கழிப்பதும் ஒன்றல்ல. தங்கையின் சீட் சுற்று 96. 15 சதவீதம் கழித்தால் 81.6. அந்தத் துணி 96-ஐச் சுற்றி நிற்கும்போது 96 ÷ 81.6 = 1.176, அதாவது 17.6 சதவீதம் இழுபடுகிறது. எனக்கு வேண்டியது 15 என்றால் கழிக்கக்கூடாது, வகுக்கவேண்டும்: 96 ÷ 1.15 = 83.5. வித்தியாசம் கிட்டத்தட்ட 2 செ.மீ. எண் பெரிதாகப் பெரிதாக இடைவெளி விரியும். 20 சதவீதம் கழித்தால் உடலில் 25 சதவீத இழுவை, பாதியாக வெட்டினால் 100 சதவீத இழுவை. ஆகவே எந்தக் குறைப்பு அட்டவணையைப் பார்த்தாலும் அது எதன்மேல் கணக்கிட்டது என்று முதலில் கேட்கவேண்டும். இந்தப் பதிவில் நான் சொல்லும் சதவீதம் எல்லாம் உடலில் துணி இழுபடும் அளவு, வெட்டும் அளவு அதிலிருந்து வகுத்து வருவது.

அளவுகள் இவை: இடுப்பு 74, சீட் 96, தொடை 57, முழங்கால் 37, கெண்டைக்கால் 36, கணுக்கால் 22. இன்னொரு அளவும் எடுத்தேன், பலர் விட்டுவிடுவது: பாதத்தை நீட்டிவைத்து, குதிகாலையும் புறங்காலையும் சேர்த்துச் சாய்வாகச் சுற்றி, 31. உட்கார்ந்த நிலையில் இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகைவரை, அதாவது கவட்டை இறக்கம், 26. கவட்டையிலிருந்து கணுக்கால்வரை உள்கால் நீளம் 70, அதில் முழங்கால் 32-இல் வருகிறது.

இடது கால் எளிது. எல்லாச் சுற்றையும் 1.15-ஆல் வகுத்தேன். தொடை 49.6, முழங்கால் 32.2, கெண்டைக்கால் 31.3, கணுக்கால் 19.1. நீளம் தொடாமல் 70.

வலது காலுக்குத் தொடைவரை அதே கணக்கு, அதற்குக் கீழே இறுக்கத்தைப் படிப்படியாகத் தளர்த்தினேன். முழங்காலுக்கு 12 சதவீதம், கெண்டைக்காலுக்கு 10, கணுக்காலுக்கு 8. வெட்டும் அளவு முறையே 33, 32.7, 20.4. ஏன் இப்படி என்று கேட்டால், துணியின் இழுவை ஒன்றாக இருந்தாலும் உடலுக்குத் தெரியும் அழுத்தம் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பட்டையைச் சுற்றி இழுக்கும்போது அது உள்நோக்கி அழுத்துவது, இழுவிசையை வளைவின் ஆரத்தால் வகுத்த அளவு. ஒரே துணி ஒரே சதவீதம் இழுபட்டால் இழுவிசை சமம், ஆனால் கணுக்காலின் ஆரம் சீட்டின் ஆரத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. 96-ஐ 22-ஆல் வகுத்துப் பாருங்கள். சீட்டில் இதமாக அணைக்கும் அதே 15 சதவீதம், கணுக்காலில் நான்கு மடங்குக்கும் மேலான அழுத்தமாகப் பதியும். ரத்த ஓட்டத்துக்காக மருத்துவர்கள் தரும் அழுத்தக் காலுறைகளில் கணுக்காலில்தான் அழுத்தம் அதிகமாக இருக்கும்படி வேண்டுமென்றே செய்கிறார்கள். லெகிங்ஸில் நமக்கு அது தேவையில்லை. மேல்சட்டை வரைந்தாலும் இதே நியாயம்தான்: மார்புக்கு வைத்த சதவீதத்தை மணிக்கட்டுக்கும் வைத்தால் கையில் வரி விழும்.

கணுக்காலுக்கு இரண்டாவது காரணமும் உண்டு. உடுத்தும்போது 31 செ.மீ. குதிகால் அந்த வாயைத் தாண்டவேண்டும். இடது காலின் வாய் 19.1. 31 ÷ 19.1 = 1.62, அதாவது 62 சதவீதம் விரியவேண்டும். துணியின் எல்லையே 65. துணி தாங்கினாலும் மடித்த விளிம்பின் தையல் தாங்குமா என்பது வேறு கேள்வி. வலது காலின் 20.4 வாய்க்கு 52 சதவீதம் போதும்.

அடுத்தது நீளம். சுற்றளவுக் கணக்கைவிட இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், ஏனென்றால் அட்டவணைகளில் இது பெரும்பாலும் இருக்காது. பின்னல் துணியை அகலவாக்கில் இழுத்தால் நீளம் குறையும், கண்ணி அகலும்போது உயரத்தை விட்டுக்கொடுக்கிறது. எவ்வளவு என்பது துணிக்குத் துணி மாறும், அளந்துதான் பார்க்கவேண்டும். துணியின் நடுவில் 10-க்கு 10 சதுரம் சாக்பீஸால் வரைந்து, அகலம் 11.5 ஆகும்வரை மட்டும் இரண்டு பக்கமும் சீராக இழுத்துப் பிடித்துக்கொண்டு, தங்கையை உயரத்தை அளக்கச் சொன்னேன். 9.5. அதாவது 15 சதவீதம் அகலத்துக்கு 5 சதவீதம் நீளம் போகிறது, மூன்றில் ஒரு பங்கு. இந்தத் துணிக்கு என் எண் இதுதான்: உடலில் இழுபடும் சதவீதத்தில் மூன்றில் ஒன்று நீளத்தில் கழியும்.

வலது காலில் கவட்டையிலிருந்து முழங்கால்வரை இழுவை 15-இலிருந்து 12 ஆக இறங்குகிறது, சராசரி 13.5. அதில் மூன்றில் ஒன்று 4.5 சதவீதம், 32 செ.மீ.யில் 1.4. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சராசரி 10, நீளத்தில் 3.3 சதவீதம், 38-இல் 1.3. ஆக 2.7 செ.மீ. இதைக் கீழ் விளிம்பில் மொத்தமாகச் சேர்க்கக்கூடாது. அப்படிச் சேர்த்தால் பேட்டர்னின் முழங்கால் குறுகல் உடலின் முழங்காலுக்கு மேலே ஏறி நிற்கும், கெண்டைக்காலின் அகலம் முழங்காலுக்குப் பின்னால் போய் மடிப்பாகும். தொடைக்கும் முழங்காலுக்கும் நடுவே பேட்டர்னை வெட்டி 1.4 விரித்தேன், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே 1.3. இடது காலில் ஒன்றும் சேர்க்கவில்லை. அங்கே எதிர்பார்க்கும் இழப்பு 70-இல் 5 சதவீதம், 3.5 செ.மீ.

நான்கு பக்கமும் இழுபடும் துணிக்கு நீளத்திலும் குறைக்கவேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நீச்சலுடையில் அது சரி, ஏனென்றால் அங்கே தோளும் கவட்டையும் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்கின்றன. லெகிங்ஸில் மேல்முனையை எலாஸ்டிக் பிடிக்கிறது, கீழ்முனையைப் பிடிக்க ஆள் இல்லை. பாதத்தின் அடியில் மாட்டும் பட்டி வைத்த மாடலாக இருந்தால் மட்டும் நீளத்தைக் குறைப்பேன். மற்றபடி நீளத்தில் குறைத்த துணி இழுபட்டு நிற்காது, மேலே ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

கவட்டைப் பகுதி இரண்டு காலுக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும், நடுவில் இணைகிறதே. இறக்கம் 26-இல் 5 சதவீதம் 1.3, ஆகவே 27.3 ஆக்கினேன். சீட்டுக்கு வெட்டும் சுற்று 83.5, ஒரு காலுக்குப் பாதி 41.75. பக்கத் தையல் இல்லாமல் ஒரே துண்டாக வரைந்ததால் நடுக்கோட்டிலிருந்து முன்பக்கம் 20, பின்பக்கம் 21.75 என்று பிரித்தேன். கவட்டைக்கு வெளியே நீளும் கொக்கிக்கு நான் தனி விதி எதுவும் வைப்பதில்லை. தொடைக்கு 49.6 வேண்டும், சீட் வரியில் 41.75 இருக்கிறது, மிச்சம் 7.85 தான் முன், பின் இரண்டு கொக்கிகளின் மொத்தம். முன்னால் 2.5, பின்னால் 5.35. நெய்த துணிப் பேன்ட்டின் கொக்கியோடு பார்த்தால் மிகக் குட்டையாகத் தெரியும். பயப்படவேண்டாம், துணி இழுபட்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். இடுப்பில் பின்நடுவை 3 செ.மீ. உயர்த்தி, முன்நடுவை 1 செ.மீ. தாழ்த்தினேன், உட்காரும்போது பின்பக்கம் நீளம் கேட்கும் என்பதால். இடுப்பு வாயை மட்டும் 70.5 வைத்தேன், அங்கே பிடிப்பு எலாஸ்டிக்கின் வேலை, துணியின் வேலை இல்லை. எலாஸ்டிக்கை 67-க்கு வெட்டினேன். அது 96 சீட்டைத் தாண்ட 43 சதவீதம் இழுபடவேண்டும், முன்கூட்டியே இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

துணியில் வைக்கும்போது அதிகம் இழுபடும் திசை உடலைச் சுற்றி வரவேண்டும், நடுக்கோடு நீளவாக்கில் ஓடும் கண்ணி வரிசையோடு நேராக ஓடவேண்டும். நடுக்கோடு சாய்ந்தால் தையல் காலைச் சுற்றித் திருகிக்கொண்டு முன்னால் வரும். தையலுக்கு 0.7, விளிம்புக்கு 2.5 விட்டேன். வெட்டியபின், தைப்பதற்கு முன்பு, சீட், தொடை, முழங்கால், கெண்டைக்கால் என்று ஒவ்வொரு இடத்திலும் 10 செ.மீ. கூட்டல் குறி சாக்பீஸால் போட்டேன். உடுத்தியபின் துணி உண்மையில் எவ்வளவு இழுபடுகிறது என்பதை அந்தக் குறிகள் சொல்லும். கண்ணாடியில் பார்த்துச் சொல்வதைவிட இது நம்பகமானது.

உள்கால் தையலும் கவட்டைத் தையலும் ஓவர்லாக். பால்பாயிண்ட் ஊசி, பாலியெஸ்டர் நூல். விளிம்பை வேண்டுமென்றே இரண்டு காலுக்கும் ஒரே மாதிரி ஜிக்ஜாக்கில் தைத்தேன், 2.5 மி.மீ. அகலம். அதற்குமுன் துண்டுத் துணியில் 10 செ.மீ. விளிம்பு தைத்து இழுத்துப் பார்த்தேன். 15.5 வரை தாங்கியது, அதற்குமேல் ஒரு நூல் பட்டென்றது. இரட்டை ஊசியில் தைத்த மாதிரி 14-லேயே அடிநூல் அறுந்தது, அழகாக இருந்தும் அதைக் கைவிட்டேன். இந்த 15.5 என்ற எண்தான் கணுக்காலுக்கு உண்மையான எல்லை, துணியின் 16.5 அல்ல. தையல் துணியைவிட முன்பே நின்றுவிடுகிறது என்பதை நெகட்டிவ் ஈஸ் கணக்கில் சேர்க்காதவர்கள் அப்புறம் நூலைக் குறைசொல்வார்கள்.

உடுத்திப் பார்க்கும் கட்டம். இடது காலை இழுத்து ஏற்றும்போதே குதிகாலில் இரண்டு இடத்தில் நூல் அறுந்த சத்தம். எதிர்பார்த்ததுதான், 55 தாங்கும் தையலிடம் 62 கேட்டோம். வலது கால் சிரமமில்லாமல் ஏறியது. கொஞ்சநேரம் நடந்து, மாடிப்படி ஏறி இறங்கி வரச் சொன்னேன். உடுத்தியவுடன் பார்த்தால் எல்லா லெகிங்ஸும் அழகாகத்தான் இருக்கும். துணி தன் இடத்தைத் தேடிக்கொள்ள நேரம் வேண்டும்.

திரும்பி வந்தபோது இடது கால் விளிம்பு கணுக்கால் எலும்புக்கு மேலே 3 செ.மீ. ஏறியிருந்தது. முழங்காலின் பின்னால் குறுக்கு மடிப்புகள் நான்கைந்து அடுக்காக நின்றன. இந்தக் குறுக்கு மடிப்பைப் பார்த்தால் "நீளம் அதிகம், வெட்டிவிடு" என்று தோன்றும். இங்கே காரணம் அதற்கு நேரெதிர். கெண்டைக்கால் இறுக்கமான இடம், முழங்காலின் பின்குழிவு அதற்கு மேலே இருக்கும் தளர்ந்த இடம். இறுக்கமான துணி எப்போதும் அகலமான இடத்திலிருந்து குறுகலான இடத்துக்கு நழுவப் பார்க்கும். கெண்டைக்காலின் மேல்சரிவில் துணி முழங்காலை நோக்கி ஏறி, குழிவில் குவிந்துவிட்டது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: மடிப்பை விரலால் கீழே நீவி விட்டு நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். விளிம்பும் மடிப்பும் சேர்ந்து மறுபடி மேலே ஏறினால் கீழே இறுக்கம் அதிகம். விளிம்பு இடத்திலேயே நிற்க, மடிப்பு மட்டும் திரும்பினால் உண்மையிலேயே நீளம் கூடுதல்.

"அக்கா, இந்தக் காலைக் கழட்டினா போதும்னு இருக்கு. வலது கால்ல போட்ட மாதிரியே தெரியல" என்றாள் தங்கை. கழற்றியபின் பார்த்தேன், இடது கணுக்காலில் விளிம்பின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது, வலதில் லேசான கோடு மட்டும்.

வலது கால் விளிம்பு கணுக்கால் எலும்பிலேயே நின்றது. முழங்காலின் பின்னால் ஒன்றிரண்டு மெல்லிய மடிப்பு இருந்தது. அதை நான் விட்டுவிடுகிறேன். நேராக நிற்கும்போது அங்கே ஒரு மடிப்புகூட இல்லை என்றால் மடக்கும்போது துணி போதாது.

சாக்பீஸ் குறிகள் சொன்னது இன்னும் சுவாரசியம். சீட்டில் எல்லா இடத்திலும் 11.5 வந்திருக்கவேண்டும் என்பது கணக்கு. பின்பக்க மேட்டின்மேல் போட்ட குறி 11.8, பக்கவாட்டில் 11.2. துணி தோலின்மேல் வழுக்கிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை, உராய்வு அதைத் தடுக்கிறது, மேடான இடம் தன் பங்கைவிட அதிகம் இழுத்துக்கொள்கிறது. சுற்றளவை வைத்துப் போடும் எந்தச் சதவீதமும் சராசரிதான். மேடு இன்னும் பெரிதாக இருந்தால் முன்-பின் பிரிப்பில் பின்பக்கத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கவேண்டும், மொத்தச் சுற்றைத் தளர்த்தி அது சரியாகாது. ஒட்டிய மேல்சட்டையில் மார்புக்கு முன்பக்கம் அகலம் கூட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

குந்தி உட்காரச் சொல்லி மறுபடி அளந்தேன். பின்பக்கக் குறி அகலவாக்கில் 12.7, முழங்கால் குறி நீளவாக்கில் 13. நீளவாக்கில் இந்தத் துணி 14 வரை போகும் என்பதால் 13 வசதியாகவே இருந்தது. நீளவாக்கில் 15 சதவீதம்தான் இழுபடும் துணியாக இருந்திருந்தால் முழங்கால் கேட்டதைத் துணி தந்திருக்காது, இடுப்பைக் கீழே இழுத்தும் விளிம்பை மேலே இழுத்தும்தான் அதை ஈடுகட்டியிருக்கும். அப்படிப்பட்ட இருபக்க இழுவைத் துணியில் ஒட்டிய லெகிங்ஸ் வரையாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். வரைந்தே ஆகவேண்டுமென்றால் கவட்டை இறக்கத்தை இன்னும் கூட்டி, முழங்காலைத் தளர்த்தவேண்டும், அப்போது அது ஒட்டிய உடுப்பாக இருக்காது.

12.7 என்ற எண்ணை இன்னொன்றுக்கும் பயன்படுத்தினேன். துண்டுத் துணியில் 10 செ.மீ.யை 12.7-க்கு இழுத்து, அச்சடித்த தாளின்மேல் வைத்துப் பார்த்தேன். எழுத்துகள் மங்கலாகக்கூடத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் 15-ஐ 12 ஆக இறக்கியிருப்பேன். குனிந்தால் உள்ளே தெரியும் லெகிங்ஸில் துணி மெல்லியது என்பது பாதிக் காரணம்தான், அளவுக்கு மீறிக் குறைத்து வெட்டியது மீதிக் காரணம்.

கடைசி உருப்படிக்கு இரண்டு காலையும் வலது கால் பேட்டர்னிலேயே வெட்டினேன். பின்பக்கத்துக்கு 0.5 கூட்டி, முன்பக்கத்தில் அதே 0.5 குறைத்தேன். மேட்டின் குறி 11.6-க்கு இறங்கியது.

தங்கை கருப்பிலும் ஒன்று கேட்டாள். அதே பெயரில் வந்த கருப்புத் துணியைப் பழைய பேட்டர்னில் அப்படியே வெட்டாமல் மறுபடி குண்டூசி குத்தி அளந்தேன். அகலவாக்கில் 48 சதவீதம்தான். கால்பங்கு 12, ஆகவே சீட் 96 ÷ 1.12 = 85.7, தொடை 50.9. சதுரச் சோதனையில் 11.2 அகலத்துக்கு உயரம் 9.7 வந்தது, இங்கே நீள இழப்பு நான்கில் ஒரு பங்கு, ஆகவே கவட்டை இறக்கத்தில் 3 சதவீதமாக 0.8 மட்டும் சேர்த்தேன். கணுக்கால்தான் சிக்கல். 20.4 வைத்தால் குதிகாலுக்கு 52 வேண்டும், துணியிடம் 48-தான் இருக்கிறது, அதன் விளிம்புத் தையல் மாதிரி 45-இல் அறுந்தது. தையலின் எல்லைக்குக் கொஞ்சம் உள்ளே, 42 என்று வைத்து, 31-ஐ 1.42-ஆல் வகுத்தால் 21.8. அதாவது கணுக்காலில் நெகட்டிவ் ஈஸ் ஏறக்குறைய பூஜ்யம், 1 சதவீதம்கூட இல்லை. அங்கே வாயின் அகலத்தைத் தீர்மானித்தது கணுக்கால் அல்ல, குதிகால். 21.8-க்கு வெட்டிவிட்டேன், விளிம்பு காலில் ஒட்டாமல் லேசாக நிற்கிறது. அதைவிட ஒட்டவேண்டுமென்றால் உள்கால் தையலின் கடைசி 6 செ.மீ.யைத் தைக்காமல் திறப்பு விடலாம், தங்கைக்கு அது பிடிக்கவில்லை.